பின்னணிக் குரல் எங்கே பேசாமல் இருக்க வேண்டும்?

ஐயா, வணக்கம். பனையோலையில் கடகமும் நீற்றுப்பெட்டியும் இழைக்கும் ஓர் அம்மாவைப் பற்றி நாங்கள் மூன்று மாணவர்கள் 12 நிமிட ஆவணப்படம் ஒன்றைச் செய்கிறோம். அவருடைய நேர்காணல் இரண்டு மணித்தியாலம் இருக்கிறது. அவர் வைத்திருந்த ஐந்து பழைய படங்களையும் தந்தார். பின்னணிக் குரலுக்கு நான்கு பக்கம் எழுதிப் பதிவுசெய்து போட்டுப் பார்த்தோம். பேச்சுப்போட்டி மாதிரி இருக்கிறது என்கிறார் எங்கள் விரிவுரையாளர். எழுத்துப் பிரதியை இணைத்திருக்கிறேன். எதை வெட்டுவது, எதை விடுவது?

ஊடகக் கற்கை மாணவி, யாழ்ப்பாணம்

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் பிரதியை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். அதில் ஏறக்குறைய 1,100 சொற்கள் இருக்கின்றன. ஆறுதலாக வாசித்தால் எனக்கு நிமிடத்துக்கு 90 சொல்தான் வருகிறது. அப்படியென்றால் உங்கள் குரல் மட்டுமே 12 நிமிடத்தையும் நிரப்பிவிடுகிறது. அந்த அம்மா பேசுவதற்கும், ஓலை சரசரப்பதற்கும், பழைய படத்தை ஒருவர் நின்று பார்ப்பதற்கும் நேரமே மிஞ்சவில்லை. 300 சொல்லுக்கு மேல் வேண்டாம் என்பேன். ஆனால் இருக்கிற பிரதியை வெட்டி வெட்டி அந்த அளவுக்குக் கொண்டுவர முயலாதீர்கள். அதை ஒருபுறம் வைத்துவிட்டு, நேர்காணல் முழுவதையும் நேரக்குறியோடு, அவர் சொன்னபடியே எழுத்தில் இறக்குங்கள். தாளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் படத்தையும் வலப்பக்கம் ஒலியையும் எழுதி, முதலில் அவருடைய பேச்சையும் பழைய படங்களையும் மட்டும் வரிசைப்படுத்துங்கள். அந்த வரிசையில் பார்ப்பவருக்கு விளங்காமல் போகிற இடங்கள் எவையோ, அவற்றுக்கு மட்டும் கடைசியில் குரல் எழுதுங்கள்.

உங்கள் இரண்டாம் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். “முன்னர் நாளொன்றுக்கு நான்கு பெட்டிகளை இழைத்த இவர், இன்று முதுமையின் காரணமாக ஒன்றை நிறைவுசெய்ய இரண்டு நாட்களைச் செலவிடுகிறார்” என்று குரல் சொல்கிறது. அது முடிந்த கையோடு அந்த அம்மா, “அப்ப ஒரு நாளைக்கு நாலு பெட்டி இழைப்பன். இப்ப கை நோகுது, ஒண்டு முடிக்கவே ரெண்டு நாள்” என்கிறார். அவர் சொல்லப்போவதை நீங்கள் முந்திச் சொல்லிவிட்டதால், அவர் வாய் திறக்கும்போது அது பழைய செய்தியாகிவிடுகிறது. நேர்காணலுக்கு முன்னால் வருகிற குரல் அநேகமாக எல்லா மாணவர் படங்களிலும் இதைத்தான் செய்கிறது. அந்த வாக்கியத்தை முழுதாக எடுத்துவிடுங்கள்.

அதே இடத்தில் பார்ப்பவருக்கு விளங்காத வேறொன்று இருக்கிறது. காய்ந்த குருத்தோலையை அவர் ஈரத்துணியில் சுற்றி வைப்பதை நீங்கள் படம் பிடித்திருக்கிறீர்கள், ஆனால் ஏன் அப்படிச் செய்கிறார் என்பதை யாரும் சொல்லவில்லை. “காய்ந்தபடி மடித்தால் ஓலை முறியும். இழைக்கும்போது அதில் கொஞ்சம் ஈரம் இருக்க வேண்டும்.” அவ்வளவுதான் குரல். பிறகு அவர் சத்தகத்தால் ஓலையை வார்கிற காட்சி வருகிறது. அங்கே குரலே வேண்டாம், அந்தச் சத்தம் போதும். செய்கையைப் படம் காட்டிவிடும், அதன் காரணத்தைக் காட்டமாட்டாது. குரலுக்கு அங்கேதான் இடம்.

நீற்றுப்பெட்டிக்கும் இப்படி ஒரு வாக்கியம் தேவைப்படும். இன்று பல வீடுகளில் அலுமினியப் பாத்திரத்தில் புட்டு அவிப்பதால், அந்தக் கூம்புப் பெட்டியை எதற்கென்று தெரியாமலே உங்கள் வயதினர் பார்க்கக்கூடும். கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படி பானை வாயில் அதை வைத்தால், இழைகளுக்கிடையால் ஆவி ஏறி மா அவிகிறது என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

பழைய படங்களுக்கு வருகிறேன். அந்த அம்மாவுடைய அக்காவின் கலியாணப் படத்துக்கு மேல் “1970களில் யாழ்ப்பாணத் திருமணங்களில் பனையோலைப் பொருட்கள் பெரும் பங்கு வகித்தன” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஒரு பத்தாண்டைப் பற்றிப் பேச முடியாது. அந்தப் படம் 1970களில் எடுத்ததென்று உங்களுக்கு யார் சொன்னது என்பதும் பிரதியில் இல்லை. படத்தின் பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரையோ கையெழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவரிடமே கேளுங்கள். “எனக்கு மூத்தவன் பிறந்த வருசம்” என்று அவர் சொன்னால் அந்தச் சொல்லையே படத்தில் வையுங்கள். நீங்கள் ஊகித்த ஆண்டைவிட அது நம்பத் தக்கது.

நான் இந்த விஷயத்தில் ஒரு முறை சூடு கண்டவன். ஒரு சந்தையைப் பற்றிய படத்துக்கு வேறோர் ஊர்ச் சந்தையின் பழைய படத்தைப் போட்டு, “அன்றைய இந்தச் சந்தை” என்று எழுதிவிட்டேன். திரையிட்ட அன்று முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழும்பி, “தம்பி, இது எங்கட சந்தை இல்லை, எங்கட சந்தையில ஆலமரம் இருந்தது” என்றார். அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் அந்தச் சபை நம்பவில்லை.

அந்தக் கலியாணப் படத்தின் வலது ஓரத்தில் வாழைப்பழம் நிறைந்த கடகம் ஒன்று தெரிகிறது. நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது. அங்கிருந்து தொடங்குங்கள். நான்கைந்து விநாடி கடகத்தை மட்டும் காட்டி, பிறகு மெல்ல விலகி முழுப் படத்துக்கு வாருங்கள். படத்தை அந்த அம்மாவின் கையில் கொடுத்து, அவர் சொல்வதைப் பதிவுசெய்து, அந்தக் குரலையே மேலே போடுங்கள். கடகத்தின் விளிம்பில் நார் பொத்தியவர் அவராகவே இருந்தால், அந்தப் படத்துக்கு நீங்கள் எழுதிய குரலுக்கு வேலையில்லை.

இப்படி ஓரத்தை நெருங்கிப் பார்க்க, கைத்தொலைபேசியில் எடுத்த படம் உதவாது. அதில் கூரை மின்குமிழின் வெளிச்சமும் விழுந்திருக்கிறது. 6 அங்குலத்துக்கு 4 அங்குலப் படத்தை 600 dpi-இல் ஸ்கான் செய்தால் 3600 × 2400 புள்ளிகள் கிடைக்கும். உங்கள் திரை 1920 புள்ளி அகலம் என்பதால், படத்தின் பாதி அகலத்துக்குக் கிட்ட நெருங்கும்வரை தெளிவு குறையாது. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தை மட்டும் உரிக்க வேண்டாம், மேற்பரப்பு கண்ணாடியோடு போய்விடும். இரண்டு பக்கத்திலிருந்தும் சரிவாக வெளிச்சம் விழவைத்து, கண்ணாடிக்கு மேலாகவே எடுங்கள்.

ஒரு படத்தின் மூலையில் நீர்பட்டு வெளிறிய இடத்தைக் கணினியில் துடைத்திருக்கிறீர்கள். அதைத் திரும்ப வையுங்கள். 1995 இடப்பெயர்வில் அந்தப் படங்களைப் பொலித்தீன் பையில் சுற்றி மழைக்குள்ளால் கொண்டுபோனதாக அவர் உங்கள் நேர்காணலிலேயே சொல்கிறார். அந்தப் பேச்சுக்கு மேல் காட்டுவதற்கு உங்களிடம் வேறு படம் கிடையாது, அந்தக் கறைதான் இருக்கிறது. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டதை அவர் சொல்லாமல் விட்டிருப்பதால், அதைக் குரல் ஒரு வாக்கியத்தில் சொல்லலாம்.

“அழிந்துவரும் கலை”, “பாரம்பரியம்”, “எதிர்காலச் சந்ததி” ஆகிய மூன்றும் முதற்பக்கத்தில் மட்டும் ஏழு முறை வருகின்றன. அவை இல்லாமல் அந்தப் பக்கத்தை எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

புதிய பிரதியைப் பதிவுசெய்ய முன்னர் அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஐந்து இடத்தில் “பெட்டி பின்னுகிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். கிடுகுதான் பின்னுவது, பாயும் பெட்டியும் இழைப்பது. இரண்டு மணித்தியால நேர்காணலில் அவர் ஓரிடத்திலேனும் “பின்னுறன்” என்று சொல்லியிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள்.