லீவில் மட்டும் டிரேடிங்: ஒரு பக்கத் தாளில் என்ன எழுதுவது?

கேள்வி: கோவையில் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், வயது 19. டியூஷன் எடுத்துச் சேர்த்த 10,000 ரூபாய் கையில் இருக்கிறது. செமஸ்டர் லீவில் மட்டும் பங்கு வாங்கி விற்றுப் பழகலாம் என்று ஆசை. அப்பாவோ, "உன் விதிகளை ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டு, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். அந்தத் தாளில் என்னென்ன எழுத வேண்டும் சார்?

பதில்: தாளின் தலையில் மூன்று தேதிகளை எழுதுங்கள். கடைசியாகப் பங்கு வாங்கும் நாள், எல்லாவற்றையும் விற்று முடிக்கும் நாள், பணம் வங்கிக்குத் திரும்பும் நாள். எந்தப் பங்கு, என்ன விலை என்பதெல்லாம் அப்புறம்தான். லீவில் வாங்கிய பங்குக்கு உங்கள் கல்லூரி திறந்துவிட்டது தெரியாது. சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை நடக்கிறது. உங்கள் வகுப்பும் அதே நேரத்தில்தான் நடக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். லீவு முடிய மூன்று நாள் இருக்கும்போது ஒரு பங்கு வாங்கினார். இறங்கியது. "ஏறட்டும், விற்றுவிடுகிறேன்" என்று வைத்துக்கொண்டே கல்லூரிக்குப் போனார். பெஞ்சுக்கு அடியில் போனை வைத்து விலை பார்ப்பதே அந்த செமஸ்டர் முழுக்க அவருக்கு வேலையாகிவிட்டது. போன பணம் 900 ரூபாய்தான். ஆனால் இன்டர்னல் மார்க் அதைவிடப் பெரிதாக அடி வாங்கியது.

அதனால் கல்லூரி திறப்பது ஒரு திங்கட்கிழமை என்றால், தாளில் இப்படி எழுதுங்கள்: "திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு வரும் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு புதிதாக எதுவும் வாங்க மாட்டேன். திறப்பதற்கு முந்தைய புதன்கிழமைக்குள், லாபமோ நஷ்டமோ, எல்லாவற்றையும் விற்றுவிடுவேன்." புதன்கிழமை ஏன் என்றால், இப்போது நம் சந்தையில் விற்ற பணம் அடுத்த வேலை நாளில் கணக்கில் சேர்கிறது. வியாழக்கிழமை பணம் வந்ததும் வங்கிக்கு அனுப்பச் சொல்லிவிட்டால், இடையில் விடுமுறை ஏதும் வராத வரை வெள்ளிக்கிழமைக்குள் வங்கியில் இருக்கும். டிரேடிங் கணக்கில் காசு கிடந்தால் கை சும்மா இருக்காது. லீவு முடிந்ததற்கு உண்மையான அடையாளம் அந்தக் கணக்கில் பூஜ்யம் தெரிவதுதான்.

அடுத்த வரி: "டெலிவரி மட்டும். இன்ட்ராடே, ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் கிடையாது. கடன் வாங்கி டிரேடிங் கிடையாது." டெலிவரி என்றால் வாங்கிய பங்கு உங்கள் பெயரில் பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கில் வந்து சேரும். இன்ட்ராடே என்றால் அன்றே வாங்கி அன்றே விற்பது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்பவை பின்னால் வரும் ஒரு தேதியின் விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்கள். அப்பாவிடம் இதற்குக் காரணம் சொல்ல, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் எண்களே போதும். 2024-ல் வெளியான செபி ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10-ல் 7 பேர் நஷ்டப்பட்டார்கள். 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் அது 76 சதவீதம். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போனால் மூன்று நிதியாண்டுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். பழகுவதற்கு ஏற்ற இடங்கள் அல்ல அவை.

இப்போது கணக்குக்கு வருவோம். சின்னப் பணம் வைத்திருப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். எத்தனை பங்கு வாங்குவது என்பதைக் கையில் இருக்கும் பணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தப்பாகப் போனால் எவ்வளவு போகலாம் என்பதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் 10,000-க்கு ஒரு டிரேடில் 150 ரூபாய், அதுவும் கட்டணம் எல்லாம் சேர்த்து, என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பங்கு 250 ரூபாயில் இருக்கிறது. 240-க்கு இறங்கினால் உங்கள் கணிப்பு தப்பு, வெளியே வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்கிறீர்கள். பங்குக்கு 10 ரூபாய் ரிஸ்க். டெலிவரிக்கு புரோக்கரேஜ் வாங்காத இடத்தில் உங்கள் கணக்கு இருந்தாலும் வேறு செலவுகள் உண்டு. வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி, வாங்கும்போது சிறிது முத்திரைக் கட்டணம், விற்கும்போது டீமேட்டிலிருந்து பங்கை எடுக்க டிபி சார்ஜ். இந்த டிபி சார்ஜ் 10 பங்கு விற்றாலும் 1,000 பங்கு விற்றாலும் ஒரே தொகை. இடத்துக்கு இடம் மாறும், 15 முதல் 20 ரூபாய் என்று வையுங்கள். எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் டிரேடுக்கு சுமார் 25 ரூபாய். 150-ல் 25 போக மீதி 125. அதைப் பத்தால் வகுத்தால் 12 பங்கு. 240-ல் வெளியே வந்தால் போவது 120-ம் 25-ம் சேர்த்து 145 ரூபாய். வரம்புக்குள் இருக்கிறது.

இதே டிரேடை ஒவ்வொரு ஆர்டருக்கும் 20 ரூபாய் புரோக்கரேஜ் வாங்கும் இடத்தில் செய்து பாருங்கள். வாங்க 20, விற்க 20, அதன்மேல் ஜிஎஸ்டி என்று 47 ரூபாய் கூடுதல். டிரேடு 2,000 ரூபாய்க்குச் சுருங்கி எஸ்டிடி இரண்டு ரூபாய் குறைந்தாலும், மொத்தக் கட்டணம் 70 ரூபாயைத் தொடும். 150 ரூபாய் வரம்பில் 8 பங்குதான் வாங்க முடியும். அந்த 8 பங்கில் கட்டணத்தை எடுக்கவே விலை எட்டே முக்கால் ரூபாய் ஏற வேண்டும். 10 ரூபாய் ரிஸ்க் எடுத்து, எட்டே முக்கால் ரூபாய் ஏறிய பிறகும் உங்களுக்கு லாபம் பூஜ்யம்! எனவே கணக்கு தொடங்கும் முன் கட்டணப் பட்டியலைப் பார்த்து, 3,000 ரூபாய்க்கு வாங்கி விற்றால் மொத்தம் எவ்வளவு என்று நீங்களே போட்டு, அந்த எண்ணைத் தாளில் எழுதுங்கள். அதன் கீழே: "ஒரு டிரேடில் அதிகபட்ச நஷ்டம் 150. ஒரே நேரத்தில் இரண்டு பங்குக்கு மேல் வைத்திருக்க மாட்டேன்."

240-ல் விற்பேன் என்று எழுதிவிட்டால் மட்டும் அது நடந்துவிடாது. குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் சாதாரண ஸ்டாப்லாஸ் ஆர்டர் அன்றைய சந்தை முடிந்ததும் காலாவதியாகிவிடும். மறுநாள் அது இருக்காது. பல நாள் வைத்திருக்கும் பங்குக்கு, நாள் கடந்தும் நிற்கும் ஆர்டராக ஆப்பில் GTT என்று இருப்பதைப் போட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல், பலருக்கு அடிபட்ட பிறகுதான் தெரிகிறது. டீமேட்டில் இருக்கும் பங்கை விற்க உங்கள் அனுமதி வேண்டும். டீமேட் பங்குகளைக் காக்கும் நிறுவனங்களில் ஒன்றான CDSL வழிக் கணக்கு என்றால், அனுமதிக்கான ரகசிய எண்ணான TPIN-ம் OTP-யும் கேட்கும். விலை 240-ஐத் தொட்டு GTT கிளம்பும் நேரத்தில் அந்த அனுமதி இல்லையென்றால் ஆர்டர் நிராகரிக்கப்படலாம். ஸ்டாப்லாஸ் போட்டாயிற்று என்ற நிம்மதியில் நீங்கள் பாட்டி ஊருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். DDPI என்ற படிவத்தில் ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டால் தினமும் அனுமதி தர வேண்டியதில்லை. நீங்கள் விற்ற பங்கை எடுத்துக் கொடுப்பது போன்ற குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டுமே அது அதிகாரம் தருகிறது. அப்பா தயங்கினால் படிவத்தை அவரோடு உட்கார்ந்து படியுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்தால், "பங்கு கையில் உள்ள நாள்களில் காலை 9 மணிக்குள் TPIN அனுமதி" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இத்தனை செய்தும் 240-ல் விற்பது உறுதியில்லை. ராத்திரியில் ஒரு கெட்ட செய்தி வந்து பங்கு மறுநாள் 225-ல் திறந்தால், அங்கேயோ அதற்குக் கீழேயோதான் விற்க முடியும். GTT-யில் விற்கும் விலையை 239 என்று போட்டிருந்தால் ஆர்டர் போகும், வாங்க ஆள் இல்லாமல் அப்படியே நிற்கும். 225-ல் விற்றால் 12 பங்குக்கு 300 ரூபாயும் கட்டணமும், அதாவது நீங்கள் எழுதிய வரம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இப்படிப்பட்ட பெரிய இறக்கம் அடிக்கடி வருவது காலாண்டு முடிவு வெளியாகும்போது. கோடை லீவில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மார்ச்சில் முடியும் ஆண்டுக்கான முடிவுகளை நிறுவனங்கள் மே மாத இறுதிக்குள் வெளியிட்டாக வேண்டும், எனவே மே மாதம் முழுக்க முடிவுகள் வந்துகொண்டே இருக்கும். முடிவு எந்தத் தேதியில் என்பதை நிறுவனம் முன்கூட்டியே பங்குச்சந்தைக்குத் தெரிவிக்கும். என்எஸ்இ தளத்தில் பார்க்கலாம். தாளில்: "முடிவு வரும் நாளுக்கு முன்பே விற்றுவிடுவேன். தேதி பார்க்காமல் வாங்க மாட்டேன்." அதோடு, காலையில் திறந்த விலை ஸ்டாப்லாஸுக்குக் கீழே இருந்து GTT விற்காமல் நின்றால், அந்த ஆர்டரை ரத்து செய்துவிட்டுக் கிடைத்த விலைக்கு அன்றே விற்பேன் என்றும் எழுதுங்கள்.

அப்புறம் லீவு முழுவதற்கும் ஒரு நஷ்ட வரம்பு வேண்டும். 600 ரூபாய் வையுங்கள், நான்கு முழு நஷ்டம். அதைத் தொட்ட அன்று, லீவு இன்னும் இருபது நாள் பாக்கி இருந்தாலும், அந்த லீவின் டிரேடிங் முடிந்தது. வீட்டில் கேட்டு வாங்கி, நண்பனிடம் வாங்கி, ஃபீஸ் பணத்தில் கொஞ்சம் எடுத்து என்று 10,000-க்கு மேல் ஒரு ரூபாய்கூட உள்ளே போகக் கூடாது. நண்பர்கள் பணத்தைக் கொடுத்து "எனக்கும் சேர்த்துப் பண்ணு" என்பார்கள். அதற்கும் ஒரு வரி எழுதுங்கள், மறுக்க எளிதாக இருக்கும்.

எதை வாங்குவது என்ற முடிவு மாலை 4 மணிக்கு மேல், சந்தை மூடிய பிறகு. தாளின் பின்பக்கத்தில் வாங்கும் முன்பே எழுதுங்கள்: பங்கின் பெயர், ஏன் வாங்குகிறேன், வாங்கும் விலை, ஸ்டாப்லாஸ், எண்ணிக்கை, முடிவு வரும் தேதி. "டெலிகிராம் குரூப்பில் சொன்னார்கள்" என்பதுதான் ஏன் என்ற இடத்தில் வரப்போகிறது என்றால் வாங்க வேண்டாம்.

வரிக்கு ஒரு வரி போதும். ஓராண்டுக்குள் விற்ற லாபம் குறுகிய கால மூலதன ஆதாயம். உங்களுக்கு வேறு வருமானம் பெரிதாக இல்லை என்பதால் வரி வர வாய்ப்பு குறைவு. ஆனால் நஷ்டம் வந்து, அதைப் பின்னாளில் லாபத்தோடு கழிக்க விரும்பினால், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும். எட்டு ஆண்டு வரை கொண்டுபோகலாம். ஒவ்வொரு டிரேடுக்கும் புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டுகளை மெயிலில் தனியாகச் சேர்த்து வையுங்கள்.

தாளின் அடியில் நீங்களும் அப்பாவும் கையெழுத்துப் போடுங்கள், அதற்கு மேலே கடைசி விதி: "கையில் பங்கு இருக்கும்போது இந்தத் தாளில் எதையும் திருத்த மாட்டேன்." 240 என்று எழுதியதை அடித்து 235 ஆக்கத் தோன்றும், அது எப்போதும் விலை 241-ல் இருக்கும்போதுதான் தோன்றும். திருத்த நினைப்பதைப் பின்பக்கம் தேதியோடு குறித்துவிட்டு, எல்லாம் விற்று முடிந்த புதன்கிழமை மாலை அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள். அடுத்த லீவுக்கான தாளை அப்போது புதிதாக எழுதிக்கொள்ளலாம்.