மோதிரத்துக்குள் எட்டு எழுத்து

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் ஜெர்மானிய நண்பர் தன் தமிழ்க் காதலியைத் திருமணம் செய்யப்போகிறார். அவளுக்குப் போடும் மோதிரத்தின் உட்பக்கம் ‘ஃப்யூர் இம்மர் டைன்’ என்பதைத் தமிழில் பொறிக்க ஆசை. இணையத்தில் மொழிபெயர்த்து ‘என்றென்றும் உங்களுடைய’ என்று எடுத்து வந்திருக்கிறார். இது சரியா? நகைக்கடையில் எப்படிக் கொடுப்பது? மோதிரம் 54-ஆம் அளவு, பட்டை அகலம் 4 மி.மீ.

பதில்: அந்த வாசகத்தைப் பொறிக்க விடாதீர்கள். எழுத்துப்பிழை எதுவும் இல்லை; ஆனால் அது பாதி வாக்கியம். தமிழில் ‘உங்களுடைய’ என்றால் அடுத்து ஒரு பெயர் வர வேண்டும்: உங்களுடைய வீடு, உங்களுடைய கடிதம். அங்கேயே நிறுத்தினால், படிப்பவள் மனசு ‘உங்களுடைய என்ன?’ என்று கேட்கும். ஜெர்மன் ‘டைன்’ தனியாக நிற்கும். நம் சொல் நிற்காது.

இன்னொரு கோளாறு மரியாதைப் பன்மை. ‘டைன்’ நெருக்கமானவர்களிடம் சொல்வது, நம் ‘உன்’ மாதிரி. காதலியின் விரலில் ‘உங்களுடைய’ என்று இருந்தால், ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடியும் விண்ணப்பக் கடிதம்தான் நினைவுக்கு வரும். அவர்கள் இருவரும் உண்மையிலேயே ‘நீங்கள்’ போட்டுத்தான் பேசிக்கொள்கிறார்கள் என்றால் வேறு விஷயம். அதை மட்டும் நண்பரிடம் கேட்டுவிடுங்கள்.

பொருளை அப்படியே கொண்டுவர வேண்டுமானால் ‘என்றும் உன்னவன்’ சரியான தமிழ். ஆனால் அது ஆண் பேசும் சொல், அவள் மோதிரத்தில் மட்டுமே பொருந்தும். ஜெர்மனியில் இரண்டு மோதிரங்களிலும் பொறிப்பது வழக்கம் என்பதால், அவருடைய மோதிரத்தில் ‘உன்னவள்’ என்று மாற்ற வேண்டியிருக்கும். கடைக்காரர் இரண்டையும் மாற்றிப் பொறித்துவிட்டால், தமிழ் தெரியாத அவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் நான் ‘என்றும் உன்னோடு’ என்பதைத்தான் சொல்வேன். யார் யாரிடம் சொன்னாலும் பொருந்தும், வினைச்சொல் இல்லாமலே முழுமையாக ஒலிக்கும், எட்டே எழுத்து.

சரி, இடம் போதுமா? ஜெர்மனியில் 54-ஆம் அளவு என்றால் உள்சுற்றளவு 54 மி.மீ. எழுத்தின் உடல் உயரத்தை 1.5 மி.மீ. என வைத்தால் இந்த வாசகம் சுமார் 24 மி.மீ. நீளம் வரும். பாதிக்கும் குறைவுதான். 585 என்ற தங்கத் தர முத்திரைக்கும் தேதிக்கும் இடம் மிச்சம். புள்ளியையும் ‘று’வின் கீழ்வளைவையும் சேர்த்தால் மொத்த உயரம் ஏறக்குறைய 2.3 மி.மீ. வரும், 4 மி.மீ. பட்டையில் விளிம்பைத் தொடாமல் நிற்கும். இதைவிடச் சிறிதாக்க வேண்டாம். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், ‘ன்’ வெறும் ‘ன’வாகிவிடும்.

உண்மையான ஆபத்து இனிமேல்தான். நண்பர் இந்த வாசகத்தைக் கடையின் படிவத்தில் தட்டச்சு செய்தோ மின்னஞ்சலில் ஒட்டியோ அனுப்பக் கூடாது. பொறிக்கும் இயந்திரத்தின் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாமல் இருக்கலாம். என்னிடம் ஒருவர் கொண்டுவந்த மாதிரிப் படியில் எல்லா எழுத்தும் இருந்தன, ஆனால் புள்ளிகள் பக்கத்தில் தனித்தனி வட்டங்களாக உட்கார்ந்திருந்தன. தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு அது அழகான அலங்காரம்!

அதனால் எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்புங்கள். இன்க்ஸ்கேப் இலவச மென்பொருள். அதில் `Noto Sans Tamil` போல ஒரே தடிமனுள்ள எழுத்துருவில் வாசகத்தை அமையுங்கள், பிறகு `Path > Object to Path` கொடுங்கள். இப்போது அது எழுத்து இல்லை, வெறும் கோடுகள். எந்தக் கணினியில் திறந்தாலும் உருக்குலையாது. எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்து அனுப்பி, கடையில் ‘எழுத்துப் பொறிப்பு’ கேட்காமல் ‘சொந்தப் படம் பொறிப்பு’ என்று கேட்கச் சொல்லுங்கள். கூடவே நீங்கள் காகிதத்தில் எழுதிய வாசகத்தின் புகைப்படமும் போகட்டும், எது மேல்பக்கம் என்று அம்புக்குறி போட்டு.

கடை மாதிரிப் படி அனுப்பியதும் நீங்கள்தான் பார்க்க வேண்டும், அவர் அல்ல. முதலில் ‘னோ’வைப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு இல்லை, இரட்டைச் சுழி வேண்டும். அது ‘ன’வுக்கு முன்னால், கால் பின்னால். இடம் மாறியிருந்தாலோ நடுவில் புள்ளிவட்டம் தெரிந்தாலோ கோப்பைக் கடையில் யாரோ மறுபடி தட்டச்சு செய்திருக்கிறார்கள். அப்புறம் ‘று’, ‘டு’ இரண்டிலும் உகரம் எழுத்தோடு ஒட்டியிருக்கிறதா, மூன்று புள்ளிகளும் ன், ம், ன் தலைக்கு மேலே இருக்கின்றனவா என்று பாருங்கள். படியை உண்மை அளவில் அச்சிட்டு, சாதாரண வெளிச்சத்தில் கைநீட்டும் தூரத்தில் பிடித்துப் படியுங்கள். வாசகம் தெரியாத இன்னொரு தமிழரிடமும் கொடுங்கள். அவர் திக்காமல் படித்தால் ஒப்புதல் சொல்லலாம்.

பொறித்த பிறகு பிழை தெரிந்தால், லேசர் மேலோட்டமாகப் போட்டிருக்கும் பட்சத்தில் தேய்த்து மெருகேற்றிவிட்டு மறுபடி பொறிக்க முடியும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தங்கம் போகும். பின்னால் எப்போதாவது மோதிர அளவை மாற்ற நேர்ந்தால், வாசகத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள வெற்று இடத்தில் வெட்டச் சொல்ல வேண்டும் என்பதையும் நண்பர் காதில் போட்டு வையுங்கள்.