நீளமான முடிக்கு எந்த மாதிரி ஹேர் பேண்ட், கிளிப், ஸ்க்ரஞ்சி போட்டால் நழுவாமல், முடியை இழுக்காமல், மடிப்பு விழாமல் இருக்கும்?

மடிப்பு விழுவதில் பாதிப் பங்கு ஈரத்துக்கு. முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டால் விடுபடும். காயும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே மறுபடி சேரும். அரைகுறையாகக் காய்ந்த முடியை இறுக்கிக் கட்டினால் எவ்வளவு நல்ல ஸ்க்ரஞ்சியும் தடம் விடத்தான் செய்யும். நீளமும் அடர்த்தியும் உள்ள முடி மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், பிடரிப் பக்கம் உள்ளே விரலை விட்டால் ஈரம் தெரியும். கட்டுவதற்கு முன்னால் அங்கே ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். ஈரத்தோடு கட்டியே ஆகவேண்டும் என்றால் தளர்வான பின்னல் போதும்.

மீதிப் பாதி அகலம். இடுப்பு வரை தொங்கும் அடர்த்தியான முடியைக் குதிரைவாலாகக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மெல்லிய எலாஸ்டிக்கில் மூன்று சுற்று சுற்றுவீர்கள். முடியின் எடை கீழே இழுக்க இழுக்க அது சறுக்கும், உடனே நான்காவது சுற்று. இப்போது மொத்த அழுத்தமும் ஒரு மெல்லிய கோட்டில் இறங்குகிறது, மடிப்பு அங்கேதான் விழும். அகலமான ஸ்க்ரஞ்சி அதே பிடியைப் பரவலாகக் கொடுப்பதால் அவ்வளவு இறுக்கம் தேவைப்படாது.

ஸ்க்ரஞ்சி வாங்கும்போது துணியின் அழகைவிட உள்ளே இருக்கும் எலாஸ்டிக்கைத்தான் பார்க்க வேண்டும். நன்றாக இழுத்து விடுங்கள், பழைய அளவுக்குச் சட்டென்று திரும்ப வேண்டும். முழுக்க இழுத்த நிலையிலும் துணியில் கொஞ்சம் சுருக்கம் மிச்சம் இருக்க வேண்டும். துணி முதலில் தீர்ந்துவிட்டால் எலாஸ்டிக் எவ்வளவு நல்லதாக இருந்தும் அடுத்த சுற்று வராது. இரண்டு சுற்றில் கெட்டியாக நின்று, அடியில் ஒரு விரல் நுழைந்தால் அதுதான் உங்கள் அளவு.

எல்லோரும் சாட்டின் என்கிறார்கள். சுருட்டை முடிக்கும் சட்டென்று சிக்கு விழும் முடிக்கும் அது நல்லதுதான், உரசல் குறைவு. ஆனால் வழுவழுப்பான நேர்முடியில் சாட்டின் வழுக்கிக்கொண்டே இருக்கும், நீங்களும் இறுக்கிக்கொண்டே இருப்பீர்கள். அந்த முடிக்கு வெல்வெட் அல்லது மெத்தென்ற பருத்தித் துணியைத்தான் நான் சொல்வேன்.

முடியை இழுப்பது பெரும்பாலும் இணைப்பு இருக்கும் இடம். எலாஸ்டிக்கின் இரு முனையையும் சேர்க்கும் சின்ன உலோகத் துண்டு, பசை வைத்து ஒட்டிய முடிச்சு, இதெல்லாம் இருந்தால் வேண்டவே வேண்டாம். துணி சுற்றாத வெறும் ரப்பர் பேண்டும் அப்படித்தான், முடியை ஒட்டிப் பிடிக்கும். எதுவானாலும் கழற்றும்போது கீழே உருவாமல் ஒவ்வொரு சுற்றாகப் பிரியுங்கள். பேண்டில் மாட்டியிருக்கும் முடியையும் பாருங்கள்: ஒரு முனையில் சின்ன வெள்ளை முடிச்சு இருந்தால் பெரும்பாலும் தானாக உதிர்ந்த முடி. குட்டையாக, இரண்டு முனையிலும் எதுவும் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் அறுந்த முடி. அறுந்தது தினமும் வந்தால் அந்த பேண்டை மாற்றிவிடுங்கள்.

அப்புறம் கிளட்ச் கிளிப். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கிளிப்புகளின் பல் ஓரத்தில் மெல்லிய கோடு மாதிரி ஒரு பிசிறு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஒரு மெல்லிய துணியைப் பல் மேல் இழுத்தால் நூல் மாட்டும். துணியில் மாட்டுவது முடியிலும் மாட்டும். செல்லுலோஸ் அசிடேட் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கில் செய்த கிளிப்புகளைப் பெரும்பாலும் தகட்டிலிருந்து வெட்டி மெருகேற்றுவதால் இந்தப் பிசிறு இருக்காது. ஸ்பிரிங் கம்பியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிடி நிற்பது பல்லின் ஆழத்தைப் பொறுத்தது. முடியை முறுக்கிச் சுருட்டிக் கிளிப்பை மூடினால் இருபக்கப் பல்லும் ஒன்றுக்குள் ஒன்று நுழைய வேண்டும். நுனிகள் எட்டாமல் இடைவெளி விட்டு நின்றால் கிளிப் சின்னது. முழு எடையையும் ஸ்பிரிங் மட்டுமே தாங்கும், சீக்கிரம் நழுவும். பெரிய கிளிப்பும் நழுவுகிறதென்றால் அது சுருட்டிய முடியை மட்டும் கவ்வியிருக்கும். பற்கள் தலையோடு ஒட்டியிருக்கும் முடியையும் கொஞ்சம் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி உள்ளே அழுத்திப் போடுங்கள்.

டெலிபோன் ஒயர் மாதிரி சுருள் பேண்டுகள் மடிப்பைக் குறைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் நீளமான முடியில் சுருளுக்குள் இழைகள் புகுந்து சிக்கிக்கொள்ளும். தோளளவு முடிக்கு நான் அதைத் தாராளமாகச் சொல்வேன், இடுப்பளவு முடிக்குச் சொல்ல மாட்டேன்.