வெனிலா சாப்பிடாத மூன்று பேர்

வணக்கம். ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார முதுகலை மாணவர்களுக்கு இந்தப் பருவத்தில் நோய்ப்பரவியல் நடத்துகிறேன். விரிவுரையைக் குறைத்து, வாரம் ஒரு நிகழ்வைக் கொடுத்து, ஒன்பது பேர் கொண்ட குழுவாக அவர்களே யோசிக்கும்படி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாரம் நடத்திப் பார்த்தேன். பத்தாவது நிமிடத்தில் ஒருவர் விடையைச் சொல்லிவிடுகிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள், மீதி நேரம் முழுவதும் நான்தான் பேசுகிறேன். ஒரு வாரத்தை எப்படித் திட்டமிடுவது என்று ஏதாவது ஒரு நிகழ்வை வைத்தே சொல்ல முடியுமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

பத்தாவது நிமிடத்தில் விடை வந்துவிடுகிறது என்றால், பத்தாவது நிமிடத்துக்குள் விடைக்கு வேண்டிய எல்லாவற்றையும் நீங்கள் கையில் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். முழு நிகழ்வையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்தால், அது வாசித்து விடை எழுதும் பயிற்சியாக மாறிவிடும். நிகழ்வை நான்கு தாள்களாக வெட்டுங்கள். எந்தத் தாளை எப்போது கொடுப்பது என்பதுதான் நெறியாளரின் முதன்மையான வேலை. மற்றவை அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

நான் பல ஆண்டுகள் பயன்படுத்திய நிகழ்வு, நோய்ப்பரவியல் வகுப்புகளில் மிகவும் பழகிப்போன ஒன்று: 1940 ஏப்ரலில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஆஸ்வீகோ மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்த தேவாலய விருந்து. பழையது என்று ஒதுக்காதீர்கள். அதன் கணக்கைப் பேனாவும் தாளும் வைத்துப் போட்டுவிடலாம், அதிலுள்ள சிக்கல்களோ இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன.

திங்கட்கிழமை இரண்டு மணி நேரம், வியாழக்கிழமை இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் உள்ள இரண்டு நாளும் அவர்கள் தாமாகப் படிப்பதற்கு. திங்களன்று ஒருவரைத் தலைவராகவும் ஒருவரைப் பலகையில் எழுதுபவராகவும் அமர்த்திவிட்டு முதல் தாளைக் கொடுங்கள். அதில் ஒரே செய்திதான் இருக்க வேண்டும்: ஏப்ரல் 19 அன்று அந்த ஊரின் சுகாதார அலுவலர், சிரக்யூஸ் நகரில் இருந்த மாவட்டச் சுகாதார அலுவலருக்கு, பலருக்குத் திடீரென வயிற்றுக் கோளாறு கண்டிருப்பதாகத் தகவல் தருகிறார். தேவாலயம், விருந்து, ஐஸ்கிரீம் எதுவும் அந்தத் தாளில் வரக்கூடாது. மாணவர்கள் முதலில் திகைப்பார்கள். பிறகு குடிநீரா, பாலா, தொற்றா என்று பலகை நிறையத் தொடங்கும். எது சரி என்று நீங்கள் சொல்ல வேண்டாம். 'இதை உறுதிப்படுத்த யாரிடம் என்ன கேட்பீர்கள்?' என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டே இருங்கள். நோயாளி என்று யாரைக் கணக்கில் எடுப்பது என்ற வரையறையைக் குழு தன் சொற்களில் பலகையில் எழுதும் வரை இரண்டாம் தாள் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

இரண்டாம் தாள் கொஞ்சம் நீளமானது. நோயுற்றவர்கள் அனைவரும் ஏப்ரல் 18 மாலை தேவாலயத்தின் அடித்தளத்தில் நடந்த விருந்துக்குப் போனவர்கள்; அவர்கள் வீடுகளில் விருந்துக்குப் போகாதவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்தவர்கள் 80 பேர். அவர்களில் 75 பேரை விசாரித்ததில் 46 பேர் நோயுற்றிருந்தார்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, காய்ச்சல் இல்லை, 24 முதல் 30 மணி நேரத்தில் எல்லோரும் தேறிவிட்டார்கள். சாப்பிட்ட நேரமும் நோய் தொடங்கிய நேரமும் இரண்டும் தெரிந்தவர்கள் 22 பேர். அவர்களிடம் இடைவெளி 3 முதல் 7 மணி நேரம், நடுமதிப்பு 4 மணி நேரம்.

இந்த இடத்தில் குழுவை அவசரப்படுத்தாதீர்கள். நான்கு மணி நேரம் என்ற அந்த ஒரு எண்ணே ஒரு பெரிய பட்டியலைச் சுருக்கிவிடும். சால்மொனெல்லா வழக்கமாக அரை நாள் முதல் ஒன்றரை நாள் வரை எடுத்துக்கொள்ளும். உடலுக்குள் போய்ப் பெருக வேண்டிய கிருமிக்கு அவ்வளவு காலம் தேவை. சில மணி நேரத்திலேயே வாந்தி வருகிறது, காய்ச்சலும் இல்லை என்றால், உணவிலேயே நஞ்சு உருவாகியிருந்தது என்ற எண்ணம் வலுக்கிறது. இதை நீங்கள் சொன்னால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆகவே அவர்களை ஊகிக்க வைத்து, அந்த ஊகத்தைப் பலகையில் எழுத வைத்து, அதைச் சரிபார்ப்பதையே இரண்டு நாள் படிப்புக்கான கேள்வியாக்குங்கள். திங்கட்கிழமை கலையும்போது குழு தானாக எழுதிய நான்கைந்து கேள்விகள் பலகையில் இருக்க வேண்டும். நோயரும்பும் காலம், தாக்கு வீதம், 'சாப்பிட்டவர் - சாப்பிடாதவர்' அட்டவணை ஆகிய மூன்றையும் அவை தொடுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஒன்று விடுபட்டால் பாடம் நடத்தாமல் ஒரு கேள்வி கேட்டு அதை வரவழையுங்கள். எல்லாக் கேள்விகளையும் எல்லோரும் படிக்க வேண்டும். ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டால் வியாழனன்று ஒன்பது குட்டி விரிவுரைகளைத்தான் கேட்பீர்கள்.

வியாழக்கிழமை முதல் அரை மணி நேரம் படித்ததைப் பகிர்வதற்கு. பிறகு மூன்றாம் தாள்: 75 பேரின் வரிசைப் பட்டியல், யார் எதைச் சாப்பிட்டார், யாருக்கு நோய் வந்தது என்ற விவரத்துடன். உணவு வகைகள் 14. இருவர் இருவராகப் பிரிந்து ஆளுக்குச் சில உணவுகளுக்கு அட்டவணை போடட்டும்.

இங்கேதான் ஒவ்வோர் ஆண்டும் அதே தவறு நடக்கும். ஒரு முறை ஒரு மாணவி எழுந்து, 'நோயுற்ற 46 பேரில் 29 பேர் ஹாம் சாப்பிட்டிருக்கிறார்கள் சார், பாதிக்கு மேல், எனவே பன்றி இறைச்சிதான்' என்றார். பலரும் ஆமோதித்தார்கள். நான் மறுக்கவில்லை, 'ஹாம் சாப்பிடாதவர்களின் கதை என்ன?' என்று மட்டும் கேட்டேன். சாப்பிட்டவர்கள் 46 பேரில் 29 பேருக்கு நோய், அதாவது 63 விழுக்காடு. சாப்பிடாத 29 பேரில் 17 பேருக்கு நோய், அதாவது 59 விழுக்காடு. அவரே தன் அட்டவணையைப் பார்த்துவிட்டு, 'சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒன்றுதானே' என்று மெதுவாகச் சொல்லி உட்கார்ந்தார். சாப்பிடாதவர்களையும் கணக்கில் சேர்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்பது அந்த வகுப்பில் யாருக்கும் இனி மறக்காது.

வெனிலா ஐஸ்கிரீமில் கதை வேறு. சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய், 80 விழுக்காடு. சாப்பிடாத 21 பேரில் 3 பேருக்கு மட்டும், 14 விழுக்காடு. ஏறத்தாழ ஐந்தரை மடங்கு வேறுபாடு. குழு கைதட்டும். நீங்கள் தட்டாதீர்கள். உடனே சாக்லேட் ஐஸ்கிரீம் அட்டவணையைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள்: சாப்பிட்ட 47 பேரில் 25 பேருக்கு நோய், 53 விழுக்காடு, சாப்பிடாத 27 பேரில் 20 பேருக்கு நோய், 74 விழுக்காடு. (ஒருவர் சாப்பிட்டாரா என்பது பதிவில் இல்லை, கூட்டினால் 74தான் வருகிறது என்று யாராவது கண்டுபிடிக்கிறாரா என்று கவனியுங்கள். அவர்தான் பட்டியலை உண்மையாகவே படித்தவர்.) சாக்லேட் ஐஸ்கிரீம் நோயைத் தடுக்கிறதா? ஒருவராவது 'கோகோவில் ஏதாவது இருக்கலாம்' என்பார். சிரித்துவிடாதீர்கள். 'சாக்லேட் எடுத்தவர்கள் வேறு எதை எடுக்காமல் விட்டிருப்பார்கள்?' என்று கேளுங்கள். வெனிலா சாப்பிட்டவர்களைத் தனியாகவும் சாப்பிடாதவர்களைத் தனியாகவும் பிரித்து, ஒவ்வொன்றிலும் சாக்லேட் அட்டவணையை மறுபடி போடட்டும். குழப்பும் காரணி என்பதைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தவர்கள் அதைத் தங்கள் கையாலேயே அவிழ்ப்பது இந்தக் கால் மணி நேரத்தில்தான்.

அடுத்து அந்த மூன்று பேர். வெனிலா சாப்பிடாமலே நோயுற்றவர்கள். விடை தெரிந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் குழு இவர்களைத் தாண்டிப் போகப் பார்க்கும்; விடாதீர்கள். சாப்பிட்டதை மறந்திருக்கலாம், கரண்டி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்கலாம், வேறு காரணத்தால் வயிறு கெட்டிருக்கலாம், அல்லது திங்களன்று பலகையில் எழுதிய வரையறையே தளர்வாக இருந்திருக்கலாம். ஒவ்வொரு விளக்கத்துக்கும் 'அப்படியென்றால் பட்டியலில் வேறு என்ன தெரிய வேண்டும்?' என்ற கேள்வியை ஒட்டிவையுங்கள். அதே பட்டியலில் இதற்கு எதிர்த்திசையில் நிற்கும் ஒரு சிறுவனும் இருக்கிறான்: விருந்து தொடங்குவதற்கு வெகு முன்பே, காலை 11 மணிக்கு வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்டு மாலை 3 மணிக்கு நோயுற்றவன். நோய் தொடங்கிய நேரங்களை வரைபடமாக்கும்போது தனியாக ஒதுங்கி நிற்பதால் முதலில் அவனைத் தவறான பதிவு என்று அடிக்கப் பார்ப்பார்கள். இடைவெளியைக் கணக்கிட்டால் அதே நான்கு மணி நேரம்.

இந்த விவாதத்தில் நீங்கள் வாய் திறக்க நேரும் இடங்கள் குறைவு. மௌனம் வந்தால் மனதிற்குள் பத்து வரை எண்ணுங்கள். என் தொடக்க ஆண்டுகளில் மூன்றுக்கு மேல் என்னால் எண்ண முடிந்ததில்லை, அந்தக் குழுக்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்தே விடை தேடக் கற்றுக்கொண்டன. உங்களைப் பார்த்துப் பேசுகிறவரிடம், அவருக்கு எதிரில் இருப்பவர் ஏற்கிறாரா என்று கேளுங்கள். விடையை இணையத்தில் படித்துவிட்டு வந்தவர் இருந்தால் அவரைப் பலகையில் எழுதுபவராக அமர்த்திவிடுங்கள். அவருக்குத் தெரிந்த விடை 'வெனிலா' என்ற ஒரு சொல்தான், மூன்று பேரைப் பற்றி அவருக்கும் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

கடைசி முக்கால் மணி நேரத்துக்கு நான்காம் தாள். பாலைக் கொதிநீரின் மேல் வைத்துச் சூடாக்கி, பிறகு சர்க்கரையும் முட்டையும் சிறிது மாவும் சேர்த்த இரண்டு கலவைகள். மூடிய பாத்திரங்களில் 17ஆம் தேதி மாலை தேவாலய அடித்தளத்துக்குக் கொண்டுபோகப்பட்டு இரவு முழுவதும் அங்கேயே இருந்தவை. மறுநாள் காலை உறைய வைக்கப்பட்டவை. சோதனையில் வெனிலாவில் ஸ்டெபிலோகாக்கஸ் பெருமளவிலும், சாக்லேட்டில் மிகச் சிலவும் காணப்பட்டன. கிருமி மனிதரின் மூக்கிலும் கையிலும் வாழ்வது, சூடாக்கிய பிறகு சேர்த்த பொருள்கள், குளிரூட்டப்படாத ஓர் இரவு ஆகியவற்றைக் குழு கோத்துவிடும். ஒரே இரவு, ஒரே அடித்தளம், இரண்டு பாத்திரங்கள், ஒன்றில் மட்டும் ஏன் என்ற கேள்வியை நீங்கள் வைக்க வேண்டும். அதற்குச் சமையல் செய்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதச் சொல்லுங்கள்.

மதிப்பெண் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கலைவதற்கு முன் ஒவ்வொருவரும் அரைப் பக்கம் எழுதிக் கொடுக்கட்டும்: ஆய்வக முடிவு வருவதற்கு முன்னால், அட்டவணையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சுகாதார அலுவலரிடம் தொலைபேசியில் என்ன சொல்வீர்கள்? அந்த மாணவி எழுதியிருந்தது மூன்றே வாக்கியம். மீதமிருக்கும் வெனிலாவை யாரும் தொடாமல் எடுத்து வைக்க வேண்டும்; அதைக் கொட்டிவிடாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்; வெனிலா சாப்பிடாமல் நோயுற்ற மூவரையும் நாளை நேரில் பார்க்கப் போகிறேன்.

அன்புடன்.