அசிட்டிக் அமிலத் தரம்பார்த்தலில் நிறங்காட்டியும் முடிவுநிலையும்

கேள்வி: அசிட்டிக் அமிலத்தை சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்கும்போது மெத்தில் ஆரஞ்சு ஏன் கூடாது? பினாப்தலீன் போட்டால் இளஞ்சிவப்பு வந்து வந்து மறைகிறது. எதை முடிவுநிலை என்று எடுத்துக்கொள்வது?

பிப்பெட்டில் 20 மி.லி. எடுத்த 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தோடு பியூரெட்டிலிருந்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்ப்பதாகக் கொள்ளுங்கள். தொடக்கத்தில் கரைசலின் pH ஏறத்தாழ 2.9 இருக்கும். 10 மி.லி. காரம் சேர்ந்தபோது அது 4.7 ஆகியிருக்கும். அமிலமும் அதன் உப்பும் சேர்ந்திருக்கும் அந்தக் கட்டம் ஒரு தாங்கல் கரைசல் என்பதால், மேலும் பல மி.லி. சேர்த்தாலும் pH மெதுவாகத்தான் நகரும். 19.98 மி.லி. சேர்ந்தபோது 7.7, சரியாக 20.00 மி.லி.யில் 8.7, 20.02 மி.லி.யில் 9.7. கடைசி மூன்று எண்களையும் ஒருசேரப் பாருங்கள். பியூரெட்டின் ஒரு துளி சுமார் 0.05 மி.லி. என்றால், ஒரு துளிக்கும் குறைவான காரத்தில் pH இரண்டு அலகு தாவிவிடுகிறது. நிறங்காட்டி இந்தத் தாவலுக்குள் நிறம் மாற வேண்டும். நிறங்காட்டியைத் தேர்ந்தெடுப்பதற்கான நிபந்தனை இது ஒன்றுதான்.

"அமிலமும் காரமும் சமமானால் நடுநிலை, அதாவது pH 7" என்று பலரும் மனத்தில் பதித்திருப்பது இங்கே பொருந்தாது. 20.00 மி.லி.யில் அமிலம் முழுவதும் சோடியம் அசிட்டேட்டாக மாறியிருக்கிறது; அசிட்டேட் அயனி தண்ணீரிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியை ஓரளவு பிடித்துக்கொள்வதால் சிறிதளவு ஹைட்ராக்சைடு அயனி விடுபடுகிறது, ஆகவே சமானப் புள்ளியிலேயே கரைசல் இலேசான காரத்தன்மையோடு இருக்கிறது. பினாப்தலீன் ஏறத்தாழ 8.3 முதல் 10.0 வரை நிறமற்ற நிலையிலிருந்து இளஞ்சிவப்பாக மாறுவதால் அந்தத் தாவலோடு ஒத்துப்போகிறது.

மெத்தில் ஆரஞ்சு 3.1 முதல் 4.4 வரையில் மாறுவது. மேலே சொன்ன கரைசலில் pH 3.1-ஐ எட்ட ஏறக்குறைய 0.3 மி.லி. காரமும், 4.4-ஐ எட்ட 6.3 மி.லி. காரமும் போதும். அதாவது சிவப்பு மறைந்து மஞ்சளாவதற்கே ஆறு மி.லி. செலவாகும், அதில் எந்தத் துளியை முடிவு என்று சொன்னாலும் அது நம் ஊகமாகத்தான் இருக்கும், அதுவும் உண்மை அளவில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாத இடத்தில். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இதே மெத்தில் ஆரஞ்சு நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், அங்கே தாவல் 4.3-இல் தொடங்கி 9.7 வரை நீள்வதுதான். புரோமோதைமால் நீலம் இடைப்பட்டது: 6.0-இல் தொடங்கி 7.6-இல் முடிவதால், மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போக ஒரு மி.லி. எடுத்துக்கொள்ளும். முழு நீலம் வருமிடம் சமானப் புள்ளிக்கு மிக அருகில் இருந்தாலும், பச்சையைப் பார்த்ததும் நிறுத்தும் பழக்கமுள்ளவருக்கு விடை குறைவாகவே வரும்.

இனி இளஞ்சிவப்பு மறைவதைப் பார்ப்போம். மறைதலில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பிழை நேர்கிறது. துளி விழுந்த இடத்தில் மட்டும் சிவந்து, கூம்புக் குடுவையைச் சுழற்றியவுடன் மறைந்தால், அமிலம் இன்னும் மீதமிருக்கிறது என்று பொருள், தொடர்ந்து சேர்க்கலாம். சுழற்றிய பிறகும் கரைசல் முழுவதும் ஒரே சீராக வெளிர்நிறம் தங்கி, சும்மா வைத்திருக்கும்போது ஒரு நிமிடத்துக்குள் மெல்ல வெளுத்தால், அது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடின் செயல். முடிவுநிலையில் கரைசலில் மிகுந்திருக்கும் காரம் மிகமிகச் சொற்பம் என்பதால், சிறிதளவு கார்பன் டைஆக்சைடு கரைந்தாலே அது பைகார்பனேட்டாகி நிறம் போய்விடும். ஆகவே முழுக் கரைசலிலும் பரவிய முதல் வெளிர் இளஞ்சிவப்பு, சுழற்றிக்கொண்டிருக்கையில் சுமார் 30 நொடி நின்றால், அதுவே முடிவுநிலை; அதற்குப் பிறகு வெளுப்பதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

இந்த வேறுபாடு தெரியாமல், இளங்கலை முதலாண்டில் நான் நிறம் வெளுக்க வெளுக்கத் துளி துளியாகச் சேர்த்துக்கொண்டே போனேன். ஒரே கரைசலுக்கு 20.3, 20.6, 20.4 என்று அளவுகள் வந்தன. மூன்றும் ஒத்துப்போகாததற்கு நான் பிப்பெட்டைத்தான் சந்தேகித்தேன். காரணம் குடுவையில் இருந்தது. கொதிக்கவைத்து மூடி ஆறவைத்த வாலை வடிநீரைப் பயன்படுத்தி, குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு வைத்து, முதல் வெளிர்நிறத்தில் நிறுத்தத் தொடங்கிய பிறகு அளவுகள் 0.05 மி.லி.க்குள் ஒன்றின. ஆழ்ந்த சிவப்பு வந்துவிட்டால் எவ்வளவு கடந்தோம் என்று கண்ணால் சொல்ல முடியாது என்பதால், அந்த அளவை விட்டுவிட்டு மறுபடி செய்வதே நல்லது. கடைசிக் கட்டத்தில் பியூரெட்டின் நுனியில் தொங்கும் அரைத்துளியைக் குடுவையின் உட்சுவரில் தொட்டு எடுத்து, சிறிது வடிநீரால் கழுவி உள்ளே இறக்குங்கள். ஒரு முழுத்துளி 20 மி.லி.யில் 0.25 விழுக்காடு என்பதை நினைத்தால் அரைத்துளியின் மதிப்பு புரியும்.

பினாப்தலீன் ஒரு நிறம் மட்டும் உள்ள நிறங்காட்டி என்பதால் எத்தனை துளி சேர்க்கிறோம் என்பதும் கணக்கில் வரும். துளிகள் கூடினால் கண்ணுக்குத் தெரியும் முதல் இளஞ்சிவப்பு சற்றுக் குறைந்த pH-இலேயே தோன்றிவிடும். 0.1 மோலார் கரைசலில் தாவல் செங்குத்தாக இருப்பதால் இது பெரிதாகப் பாதிக்காது, 0.01 மோலாராக நீர்த்தால் தாவல் 7.7-இலிருந்து 8.7 வரை சுருங்கிவிடும், அப்போது பாதிக்கும். ஆகவே எல்லாக் குடுவைக்கும் இரண்டு துளி என்றால் இரண்டு துளிதான். அமிலம் அசிட்டிக் அமிலத்தைவிட மிகவும் வலிமை குறைந்ததாக இருந்தால், உதாரணமாக போரிக் அமிலம், தாவலே தெளிவாக இருக்காது. நேரடியாகத் தரம்பார்க்க எந்த நிறங்காட்டியும் உதவாது.

காரக் கரைசலைப் பற்றி ஒன்று. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றில் இருந்தாலே சிறிது கார்பனேட்டாக மாறும். அதன் செறிவை ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மெத்தில் ஆரஞ்சும் கொண்டு கண்டுபிடித்துவிட்டு, அதே எண்ணை பினாப்தலீன் தரம்பார்த்தலுக்குப் பயன்படுத்தினால் விடை அதிகமாக வரும். ஏனெனில் மெத்தில் ஆரஞ்சில் கார்பனேட் முழுவதும் காரமாகக் கணக்கில் சேரும், பினாப்தலீனில் பாதிதான் சேரும். ஆக்சாலிக் அமிலத்தின் திட்டக் கரைசலைக் கொண்டு, பினாப்தலீனையே இரண்டு துளி சேர்த்து, அதே வெளிர்நிறத்தில் நிறுத்திக் காரத்தின் செறிவைக் காணுங்கள். அப்போது நிறத்தை மதிப்பிடுவதில் உங்கள் கண்ணுக்கு இருக்கும் சாய்வும் பெரும்பாலும் இரு பக்கமும் சமமாகி நீங்கிவிடும்.