முகமாற்றத்தில் பார்வையும் கண்ணொளியும் கெடாமல் வைப்பது எப்படி?

கேள்வி: குறும்படத்தில் டூப் நடித்த க்ளோசப்பில் நடிகையின் முகத்தை வைத்திருக்கிறேன். இருவரின் சம்மதமும் உண்டு. `inswapper_128` என்ற முகமாற்ற மாடலைப் பயன்படுத்தினேன். சிரிப்பு, புருவம் எல்லாம் சரியாக வருகிறது. ஆனால் பார்வை எங்கோ போகிறது, கண்ணில் உயிரே இல்லை. ஏன்?

பதில்: உங்கள் சிக்கல் பெரும்பாலும் பிக்சல் கணக்கில்தான் இருக்கிறது. இந்த மாடல் முகத்தை 128×128 அளவுக்குச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. அந்தச் சதுரத்தில் இரண்டு கண்களின் மையத்துக்கு நடுவே ஏறக்குறைய 35 பிக்சல்தான் இருக்கும். நிஜத்தில் அந்த இடைவெளி சுமார் 63 மி.மீ. கருவிழி வட்டம் 12 மி.மீ. அப்படியானால் கருவிழிக்குக் கிடைப்பது ஏழு பிக்சல்கூட இல்லை. டூப் பத்து டிகிரி பக்கவாட்டில் பார்த்தால் கருவிழி 2 மி.மீ. நகரும். மாடலுக்கு அது ஒரே ஒரு பிக்சல். ஐந்து டிகிரி என்றால் அரை பிக்சல். சிரிப்பு பெரிய அசைவு, அதனால் பிழைத்துக்கொள்கிறது, பார்வை தொலைந்துபோகிறது.

கேட்ச்லைட் என்று கேமராக்காரர்கள் சொல்லும் வெளிச்சப் புள்ளி இன்னும் சின்னது. அது 128-இல் கரைந்துவிடும். அதற்குப் பிறகு கோட்ஃபார்மர், ஜிஎஃப்பிகான் மாதிரி முகச் சீரமைப்பு போட்டால், அவை காணாமல்போனதைத் தேடி எடுப்பதில்லை, தாமே ஒரு கண்ணை வரைகின்றன. பளிச்சென்று இருக்கும், ஆனால் அந்த வெளிச்சம் உங்கள் செட்டில் இல்லாத விளக்கினுடையது. கோட்ஃபார்மரில் `w` மதிப்பை 1-க்குப் பக்கத்தில் வைத்தால் உள்ளே போன படத்தை ஓரளவு மதிக்கும். என்றாலும் கண்ணை அதன் கையில் விடவே கூடாது என்பது என் கருத்து.

எது யாருடையது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இமை மடிப்பு, கண்ணின் வடிவம், கருவிழியின் நிறம் ஆகியவை நடிகையுடையவை. கருவிழி எங்கே திரும்பியிருக்கிறது, இமை எவ்வளவு திறந்திருக்கிறது என்பவை டூப்புடையவை. வெளிச்சப் புள்ளி அந்த அறையுடையது, எனவே அதுவும் டூப்பின் ஃப்ரேமிலிருந்துதான் வர வேண்டும்.

இரண்டு நிலைமைகள் உண்டு. இருவரின் கருவிழி நிறமும் கிட்டத்தட்ட ஒன்று என்றால், இமைகளுக்கு நடுவே உள்ள விழியை அப்படியே டூப்பின் அசல் ஃப்ரேமிலிருந்து திரும்பக் கொண்டுவந்து வையுங்கள். மாஸ்க் வரையும்போது பழைய கண், புதிய கண் இரண்டிலும் திறந்திருக்கும் பகுதியை மட்டும் எடுங்கள். இல்லையென்றால் டூப்பின் இமைத்தோல் ஒரு கோடாக உள்ளே வந்துவிடும். விளிம்பை இரண்டு மூன்று பிக்சல் மென்மையாக்கினால் போதும். பார்வை, வெளிச்சம் இரண்டும் ஒரே வேலையில் தீர்ந்துவிடும்.

நிறம் வேறு என்றால் வெளிச்சத்தை மட்டும் தனியாகப் பிரிக்க வேண்டும். ஜன்னலோரம் எடுத்த ஒரு ஷாட்டை வைத்துச் சொல்கிறேன்: கருவிழி 40 பிக்சல், அதில் ஜன்னல் 6 பிக்சல் அகலத்தில் தெரிகிறது. புள்ளியைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிய மீடியன் ஃபில்டர் அதை விழுங்கிவிடும். விழுங்கியது எவ்வளவோ அதுதான் நமக்கு வேண்டிய வெளிச்சம். கீழே `t` டூப்பின் ஃப்ரேம், `s` முகம் மாற்றியது, `eye` மாஸ்க். எல்லாம் 8-பிட் படங்கள்.

```python
k = 15
g = cv2.subtract(t, cv2.medianBlur(t, k))
g = cv2.bitwise_and(g, g, mask=eye)
m = cv2.min(s, cv2.medianBlur(s, k))
s[eye > 0] = m[eye > 0]
s = cv2.add(s, g)
```

நான்காவது, ஐந்தாவது வரிகள் மாடல் தானாகப் போட்ட பொய் வெளிச்சத்தைக் கண்ணுக்குள் மட்டும் அழிக்கின்றன. அதை விட்டுவிட்டால் ஒரே கண்ணில் இரண்டு ஜன்னல் தெரியும். கீழிமையின் ஈரக்கோடும் பளபளக்கும் என்பதால் மாஸ்க்கை அதற்குச் சற்று மேலேயே நிறுத்துங்கள்.

இந்த இரண்டாம் வழியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கண் திரும்பும்போது வெளிச்சப் புள்ளி பாவையோடு சேர்ந்து முழுதாக நகராது, ஏறக்குறைய பாதி தூரம்தான் நகரும். பார்வையை அளக்கும் கருவிகள் பலவும் இந்த வித்தியாசத்தை நம்பித்தான் இயங்குகின்றன. அதனால் கருவிழி தப்பான இடத்தில் இருக்க, புள்ளியை மட்டும் சரியாக வைத்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே உறுத்தும். முதலில் கருவிழியைச் சரிபாருங்கள். மீடியாபைப் முகப்புள்ளிகளில் 468, 473 இரண்டும் கருவிழி மையங்கள். அசல் ஃப்ரேமிலும் மாற்றிய ஃப்ரேமிலும் கண்ணின் இரு மூலைகளிலிருந்து அவை எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று ஒப்பிடுங்கள். 40 பிக்சல் கருவிழியில் மூன்று பிக்சல் வித்தியாசம் என்றால் சுமார் ஐந்து டிகிரி பிசகு. அந்த ஃப்ரேமில் கருவிழியை நகர்த்திவிட்டுத்தான் வெளிச்சம் சேர்க்க வேண்டும்.

அப்புறம் இரண்டு கண்ணையும் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொலைவில் உள்ள ஒரே ஜன்னல் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே இடத்தில், ஒரே வடிவில் விழ வேண்டும். 2020-இல் பஃபலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி உருவாக்கிய முகங்களைப் பிடிக்க இந்தப் பொருத்தத்தைத்தான் பார்த்தார்கள். மூக்கின் நிழல் ஒரு கண்ணை மறைக்கும் பக்கவாட்டு ஷாட்டில் இந்தச் சோதனை செல்லாது. அங்கே டூப்பின் ஃப்ரேமில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.