அரை டம்ளர் பீரில் சிவக்கும் முகம்

“அரை டம்ளர் பீருக்கே முகமும் கழுத்தும் சிவந்துவிடுகின்றன. அம்மாவின் தாயார் பினாங்குச் சீனர், அதனாலா?”

பெரும்பாலும் அதனால்தான். கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அந்த நச்சை அகற்ற வேண்டிய ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் நொதி, பாட்டி வழியில் வந்த ஒற்றை மரபணு மாற்றத்தால் முடங்கும்போது, நச்சு இரத்தத்தில் தேங்கி, நாளங்களை விரித்து, முகத்தைச் சிவக்க வைக்கிறது. மாறிய மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே போதும்.

மரபணுச் சோதனை செய்திருந்தால் அதன் மூலக்கோப்பில் இந்த மாற்றத்தின் அடையாளக் குறியீடான rs671 என்று தேடுங்கள். அங்கே AG என்றிருந்தால், அதாவது ஒரு பிரதி மாறியிருந்தால், இதுவே காரணம். GG என்றால் இரு பிரதிகளும் மாறாதவை; வேறு காரணம், உட்கொள்ளும் மருந்து உட்பட, தேட வேண்டும்.

இம்மாற்றம் கிழக்காசியாவில் மிகப் பரவலாகவும் பிற இடங்களில் அரிதாகவும் இருப்பதால், AG அங்குள்ள மூதாதையர் ஒருவரையேனும் காட்டும். ஆனால் GG வந்தால் பாட்டியின் வழி பொய்யாகிவிடாது, அவரிடமே அது இல்லாதிருக்கலாம்.

சிவப்பை மறைக்க மாத்திரை போட்டுக்கொண்டு தயவுசெய்து குடிக்காதீர்கள். நச்சு அப்படியே தேங்கும். இந்த மாற்றம் உள்ளவர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் பலமடங்கு உயர்கிறது.